உழைப்பாளர் சிலை முன்பு ஐந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை தொடக்கநிலை ஓட்டத்தில் ஓடத் தொடங்குவதற்கு முன் குழுத் தலைவர் நின்று பேசும் அறிவிப்பு நான்கைந்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை என்பதே காரணம். இந்தச் சிறு நேரத்துக்குள் இரண்டு செய்திகள் எல்லார் காதிலும் விழ வேண்டும். யார் எந்த வேகக் குழுவில் ஓடுவது என்பது ஒன்று. வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பது இன்னொன்று. கூடும் இடம், வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, கொண்டுவர வேண்டிய தண்ணீர் போன்றவை முதல் நாள் இரவே கைப்பேசிச் செய்தியில் போய்விட வேண்டியவை. அவற்றைக் காலையில் மறுபடி சொல்லப் போனால் முக்கியமான இரண்டுக்கும் நேரம் இருக்காது.

சென்னை மெரினாவை எடுத்துக்கொள்ளலாம். உழைப்பாளர் சிலை அருகே காலை 5:30 மணிக்குக் கூடி, 5:45க்குப் புறப்பட்டு, கடற்கரையை ஒட்டிய நடைபாதையில் கலங்கரை விளக்கம் பக்கமாகத் தெற்கே போய்த் திரும்பும் ஓட்டம் அது. வந்திருப்பவர்கள் 42 பேர் என்று கொள்வோம். சிலர் முன்பு எப்போதோ பள்ளியில் ஓடியவர்கள். சிலருக்கு மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சிலர் புது ஷூ வாங்கிவிட்ட காரணத்தாலேயே வந்திருக்கிறார்கள். இவர்களை ஒரே கூட்டமாக அவிழ்த்துவிட்டால் முதல் அரைக் கிலோமீட்டரிலேயே வரிசை நீண்டு, யார் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். வேகக் குழு பிரிப்பதே முதல் பாதுகாப்பு விதி என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

ஓட்டக்காரர்கள் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்றே சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் பேஸ். ‘எட்டு பேஸ்’ என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். புதிதாக வருபவருக்கு இங்கேதான் முதல் குழப்பம். பைக்கில் எண் கூடினால் வேகம் கூடும். இங்கே எண் கூடினால் வேகம் குறையும். ஒன்பது என்பது ஏழைவிட மெதுவானது. ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடிப் பழகியவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அந்த இயந்திரம் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் காட்டும். அதில் தெரியும் எண்ணால் 60ஐ வகுத்தால் பேஸ் கிடைத்துவிடும். 7.5 என்று காட்டினால் 8 பேஸ். 5 என்று காட்டினால் 12 பேஸ், அதாவது நல்ல நடை. அறிவிப்பில் இந்த ஒரு வகுத்தலைச் சொல்லிவிட்டால் தவறான குழுவில் நிற்பவர்களில் பாதிப் பேர் தாமாகவே இடம் மாறிக்கொள்வார்கள்.

மெரினா எடுத்துக்காட்டில் நான்கு குழுக்கள் போதும். 7 பேஸில் நிற்காமல் ஓடும் குழு, 8 பேஸில் நிற்காமல் ஓடும் குழு, ஓட்டமும் நடையும் கலந்து சராசரியாக 9 பேஸில் போகும் குழு, 12 பேஸில் நடக்கும் குழு. நான்கைந்து மாதம் நடந்த ஓட்டங்களில் பெரிய கூட்டம் எப்போதும் மூன்றாவதில்தான் சேரும். சேரவில்லை என்றால் அறிவிப்பில் ஏதோ கோளாறு என்று தலைவர் சந்தேகப்பட வேண்டும். ‘நடக்கிறவர்களும் வரலாம்’ என்று இரக்கத்தோடு சொல்லப்பட்ட குழுவில் யாருக்கும் போய் நிற்க மனம் வராது. அதனால் குழுக்களுக்கு மெதுவானவர், வேகமானவர் என்று பெயர் வைக்காமல் ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்று எண்ணாலேயே அழைப்பது நல்லது.

ஓட்டமும் நடையும் கலப்பது ஓட முடியாதவர்களுக்கான சலுகை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஜெஃப் கேலோவே 1974இல் தொடக்கநிலையினருக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியபோதே கையாண்ட முறை அது. களைத்த பிறகு நடப்பதும், களைப்பதற்கு முன்பே கணக்கு வைத்து நடப்பதும் ஒன்றல்ல என்பதே அதன் சாரம். களைத்துப்போய் நடக்கத் தொடங்கியவர் மறுபடி ஓடுவது அரிது. இரண்டு நிமிடம் ஓடியதும் ஒரு நிமிடம் நடப்பவர், கால் கனக்கும் முன்பே நடந்துவிடுவதால் கடைசிச் சுற்றையும் முதல் சுற்றைப் போலவே ஓடுவார்.

இந்தக் குழுவின் கணக்கை அறிவிப்பில் ஒருமுறை சொல்லிக் காட்டுவது பயன் தரும். 8 பேஸில் 2 நிமிடம் ஓடினால் 250 மீட்டர் போகலாம். 12 பேஸில் 1 நிமிடம் நடந்தால் ஏறக்குறைய 83 மீட்டர். மூன்று நிமிடத்தில் மொத்தம் 333 மீட்டர். அப்படியானால் கிலோமீட்டருக்குச் சரியாக 9 நிமிடம். பதினைந்து சுற்றில், 45 நிமிடத்தில், 5 கிலோமீட்டர் முடிந்துவிடும். நிற்காமல் ஓடும் எட்டு பேஸ் குழு அதே தூரத்தை 40 நிமிடத்தில் முடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நேரம் நடந்தும் வித்தியாசம் வெறும் 5 நிமிடம்தான். இதைக் கேட்ட பிறகு எட்டிலிருந்து ஒன்பதுக்கு நகரும் கால்கள் பல.

குழுவைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே திசையில்தான்: தன்னால் முடிவதைவிட ஒரு படி வேகமான குழுவில் போய் நிற்பது. ஒருவரைப் பார்ப்போம். வயது முப்பத்தைந்தை ஒட்டியவர். போன வாரம் தனியாக 3 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் ஓடியிருக்கிறார். முதல் கிலோமீட்டர் ஏழரை நிமிடம், இரண்டாவது ஒன்பது, மூன்றாவது பத்தரை. அவர் நினைவில் நிற்பது அந்த ஏழரைதான். அதனால் எட்டு பேஸ் குழுவில் நிற்பார், அதுவும் தன்னடக்கத்தோடு நிற்பதாக நினைத்துக்கொண்டு. தலைவர் பார்க்க வேண்டியது மூன்றாவது கிலோமீட்டரை. ஏழரையில் தொடங்கிப் பத்தரையில் முடிந்தது என்றால், தொடக்கத்து வேகம் அவருடையது அல்ல, கடன் வாங்கியது. சராசரி ஒன்பதும்கூட மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒன்பது. அவருக்கு உரிய இடம் ஒன்பதாம் எண் குழு. அங்கே ஓடும் இரண்டு நிமிடங்களில் எட்டு பேஸில்தான் ஓடுவார். அவர் ஆசைப்பட்ட வேகமும் அதுவே.

இப்படி ஒவ்வொருவரிடமும் போன வாரக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதற்கு மாற்றாக அறிவிப்பில் சொல்லப்படுவது பேச்சுச் சோதனை. ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் அடுத்த வாரம் ஒரு குழு முன்னே போகலாம். இதற்குக் கைக்கடிகாரம் தேவையில்லை என்பது ஒரு வசதி. கடிகாரம் இல்லாமல் இருப்பதே மேல் என்றும் சொல்லலாம். ஜிபிஎஸ் கடிகாரம் அந்த நொடியின் பேஸ் என்று காட்டும் எண் ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்துபவர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சீக்கிரமே களைத்துப்போவார். குழுவை இழுத்துப்போகும் பேஸர் பார்க்க வேண்டியது ஒவ்வொரு அரைக் கிலோமீட்டரும் எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்பதைத்தான். எட்டு பேஸ் குழுவுக்கு அது நான்கு நிமிடம். நடைபாதையில் முன்கூட்டியே சாக்பீஸால் கோடு போட்டுவைத்தால் சாதாரணக் கடிகாரமே போதும்.

தொடக்கநிலை ஓட்டத்தில் தூரத்தை வைத்துத் திரும்புவதைவிட நேரத்தை வைத்துத் திரும்புவது சிறந்தது. தூரம் வைத்துப் போனால் 5 கிலோமீட்டர் முடிக்க ஏழு பேஸ் குழுவுக்கு 35 நிமிடமும் நடைக் குழுவுக்கு 60 நிமிடமும் ஆகும். முன்னவர்கள் காபி குடித்துவிட்டு வீட்டுக்கே போயிருப்பார்கள். நடப்பவர்கள் வெயில் ஏறிய பிறகு, யாரும் இல்லாத இடத்துக்கு வந்து சேர்வார்கள். நேரம் வைத்துப் போனால் அறிவிப்பு ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடும்: 20 நிமிடம் போங்கள், விசில் கேட்டதும் திரும்புங்கள். நடைக் குழு ஏறக்குறைய விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே திரும்பும். ஒன்பது பேஸ் குழு காந்தி சிலையைச் சற்றுத் தாண்டித் திரும்பும். எட்டு பேஸ் குழு இரண்டரைக் கிலோமீட்டரில், கலங்கரை விளக்கத்தை நெருங்கும் இடத்தில் திரும்பும். எல்லாரும் 6:25க்கு உழைப்பாளர் சிலைக்கு வந்து சேர வேண்டும்.

இந்த முறையில் இன்னொரு நன்மை உண்டு: தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். மேலே சொன்ன முப்பத்தைந்து வயதுக்காரர் பிடிவாதமாக எட்டு பேஸ் குழுவோடு போனார் என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்தில் இரண்டரைக் கிலோமீட்டர் போய்விட்டார். திரும்பும்போது போன வாரத்தைப் போலவே பத்தரைக்கு இறங்கிவிட்டது. அந்த இரண்டரைக் கிலோமீட்டருக்கு அவருக்கு 26 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், 6:31க்குத்தான் வருவார். குழுவுக்கு ஆறு நிமிடம் பிந்தி வருபவருக்கு அடுத்த வாரம் எந்தக் குழு என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நேரம் வைத்துத் திரும்பும்போது ஒரு பொறி இருக்கிறது. பழகிய தலைவர்கள்கூட அதை முதல் முறை கவனிப்பதில்லை. வழக்கமான ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் ஒருவர் வருவார். ஸ்வீப்பர் என்று அழைக்கப்படும் அவருக்கு ஒரே வேலை, தனக்குப் பின்னால் யாரையும் விட்டுவிடாமல் வருவது. 2004இல் லண்டனில் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய பார்க்ரன் ஓட்டங்களில் இப்படிப் பின்னால் நடந்து வரும் தொண்டர் எப்போதும் இருப்பார். கடைசி என்ற பெயரைத் தானே எடுத்துக்கொள்வதால் வேறு யாரும் கடைசியாக வருவதில்லை. மெரினாவில் எல்லாரும் ஒரே நிமிடத்தில் திரும்பினால் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். திரும்பிய கணத்தில் நடைக் குழுதான் கூடுமிடத்துக்கு மிக அருகில் இருக்கும். வேகமான குழு அவர்களைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கலங்கரை விளக்கம் பக்கம் இருக்கும். அங்கே ஒருவர் கால் பிசகி உட்கார்ந்தால், நடைக் குழுவோடு வரும் ஸ்வீப்பர் ஏற்கெனவே வீடு திரும்பிக்கொண்டிருப்பார். அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி ஸ்வீப்பர் வேண்டும். நான்கு பேஸர், நான்கு ஸ்வீப்பர், ஆக எட்டுத் தொண்டர்கள். அத்தனை பேர் கிடைக்கவில்லை என்றால் குழுக்களை மூன்றாக்குவதே சரி. ஸ்வீப்பரைக் குறைப்பது அல்ல.

அறிவிப்பின் இரண்டாம் பாதியில் முதலில் வர வேண்டியது எண்ணிக்கை. ஒவ்வொரு குழுவும் புறப்படும் முன் ஒன்று, இரண்டு என்று குரல் கொடுத்து எண்ணிக்கொள்ள வேண்டும். ஏழில் 6, எட்டில் 11, ஒன்பதில் 17, பன்னிரண்டில் 8, மொத்தம் 42. இந்த நான்கு எண்களும் கூடுமிடத்தில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விதி ஒன்று: சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஞாயிறு ஓட்டங்களில் அதிகத் தொல்லை கொடுப்பது விபத்து அல்ல, இதுதான். ஒருவர் பாதி வழியில் அலுத்துப்போய், வீடு பக்கத்தில்தானே என்று ஆட்டோ ஏறிவிடுவார். 6:25க்கு ஓர் ஆள் குறையும். ஸ்வீப்பர் மறுபடி இரண்டு கிலோமீட்டர் போய்த் தேடுவார். அவரோ கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருப்பார். பாதியில் விலகுவதில் தவறு எதுவும் இல்லை. ஸ்வீப்பரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

சாலை விதிகள் சுருக்கமானவை. ஓடுவது நடைபாதையில் மட்டுமே. காமராஜர் சாலையில் இறங்குவது இல்லை. நடைபாதை இல்லாத வேறு ஊர்களில் சாலையோரம் ஓட நேர்ந்தால், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கம் ஓட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பேஸர் ‘ஒத்தை வரிசை’ என்று குரல் கொடுத்தால் உடனே ஒருவர் பின் ஒருவராக வேண்டும். முன்னால் ஓடுபவர் பள்ளம், கல், வண்டி என்று சொல்வதைப் பின்னால் இருப்பவர்கள் வரிசையாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஹெட்போன் வேண்டாம் என்பது இந்தக் குரல் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான். சென்னையில் ஜனவரியில் சூரியன் உதிப்பதே ஆறரை மணி வாக்கில்தான். 5:45க்குப் புறப்படும் குழு முக்கால்வாசி நேரம் இருட்டில் ஓடும். கறுப்புச் சட்டை அணிந்து வந்தவருக்குக் கொடுக்க ஒளி பிரதிபலிக்கும் மேலங்கிகள் இரண்டு மூன்று கையிருப்பில் இருந்தால் நல்லது.

தெருநாய்கள் எல்லா அறிவிப்பிலும் இடம்பெறும். ஓடும் காலைத்தான் நாய் துரத்தும். அதனால் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு, மெதுவாக நடந்து கடக்க வேண்டும். பல் பட்டுவிட்டால், சிறு கீறலாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைப்பதில் பயனில்லை.

சென்னைக்கு உரிய ஆபத்து வெப்பம். விடியற்காலையில் வெயிலே இல்லையே என்று தோன்றும். கடலோர ஊரில் வெயில் மட்டும் கணக்கல்ல. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை காய்வதால்தான், வியர்வை வடிவதால் அல்ல. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டிக் கீழே விழும். சொட்டிய வியர்வை உடம்பிலிருந்து நீரைத்தான் எடுத்துப்போகும், சூட்டை எடுத்துப்போகாது. ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் விடியற்காலையில்தான். மே மாதத்தில் அந்த நேரத்திலேயே வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜனவரியில் எட்டு பேஸில் சிரமமில்லாமல் ஓடியவருக்கு மே மாதத்தில் அதே எட்டு கடுமையாக இருப்பது உடற்பயிற்சிக் குறைவால் அல்ல. ஆகவே கோடை அறிவிப்பில் எல்லாக் குழுவும் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாகப் போகும் என்று தலைவரே சொல்லிவிட வேண்டும். உடம்பு புதிய வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பெங்களூரிலிருந்து போன வாரம்தான் வந்தவர், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து இப்போதுதான் தேறியவர், இரவு தூங்காதவர் ஆகியோர் அன்றைக்கு நடைக் குழுவில்தான் இருக்க வேண்டும். காய்ச்சல் இன்னும் இருக்கிறது என்றால் வீட்டில்.

வெப்பத் தாக்கைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கை ஆபத்தானது. வியர்வை நின்றுபோய்த் தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்பது அது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவருக்கு அப்படி நேரலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுபவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது தோலை அல்ல, புத்தியை. நேராக ஓடியவர் தள்ளாடுகிறார். பெயர் கேட்டால் வேறு எதையோ சொல்கிறார். காரணமில்லாமல் கோபப்படுகிறார், அல்லது திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கிறார். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். ‘எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று அவரே சொல்வதும் அறிகுறிகளில் ஒன்றுதான்.

அந்த நிலையில் முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். ஒருவர் 108க்கு அழைக்கும்போதே மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கக் கூடாது. குளிர்வித்த பிறகே வண்டியில் ஏற்றுவது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட வரிசை. தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி அதில் உட்காரவைப்பது சிறந்த முறை. கடற்கரையில் தொட்டிக்கு வழியில்லை. அதனால் ஒரு பனிக்கட்டிப் பெட்டியும், அதற்குள் ஊறும் நான்கைந்து துண்டுகளும், 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டும் கூடுமிடத்தில் இருக்க வேண்டும். தலை, மார்பு, கை, கால் எல்லாம் மூடும்படி ஈரத் துண்டுகளைப் போட்டு, அவை சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ குளுக்கோஸோ ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

ஓட்டம் முடிந்து நின்றதும் மயங்கி விழுவது வேறு விஷயம். ஓடும்போது கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால் அது காலிலேயே தங்கி, தலைக்குப் போவது குறைந்துவிடும். அப்படி விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் சில நிமிடங்களில் தெளிந்து பேசுவார். முடிந்ததும் ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள் என்று தலைவர் சொல்வது இதைத் தவிர்க்கத்தான். பொதுவாக, ஓடிக்கொண்டிருக்கும்போது விழுபவர் நின்ற பிறகு விழுபவரைவிட மோசமான நிலையில் இருப்பார் என்று ஸ்வீப்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, இதுவரை இல்லாத வகையில் மூச்சடைப்பு வந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. மெதுவாக நடந்து வந்துவிடுகிறேன் என்பதும் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, 108ஐ வரவழைக்க வேண்டும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எட்டுத் தொண்டர்களும் இதை ஒருமுறையாவது பொம்மையில் பழகியிருப்பது அவசியம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைக் காரில் வைத்துவிட்டு வரக் கூடாது. இவர்கள் கூட்டத்தின் முன் கை தூக்கத் தேவையில்லை. தங்கள் குழுவின் ஸ்வீப்பரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பெரும்பகுதி தொண்டர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஓட வந்தவர்கள் காதில் விழ வேண்டியது இந்த அளவுதான்:

“எல்லாருக்கும் வணக்கம். இங்க நாலு குழு இருக்கு. ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்ங்கிறதுதான் அந்த நம்பர். சந்தேகமா இருந்தா பெரிய நம்பருக்குப் போயிடுங்க. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியணும், முடியலைன்னா பின்னால இருக்கற குழுவோட சேர்ந்துக்குங்க. இருபது நிமிஷத்துல விசில் கேக்கும், எங்க இருந்தாலும் திரும்பிடுங்க. ரோட்டுல இறங்காதீங்க, ஹெட்போன் வேண்டாம். மஞ்சள் சட்டை போட்டிருக்கறவங்க ஸ்வீப்பர், அவங்களுக்குப் பின்னால யாரும் போகக் கூடாது. தலை சுத்தினாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே நின்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. பக்கத்துல ஓடறவர் பேச்சு குழறினா அவரைத் தனியா விட்டுட்டு வராதீங்க. பாதியில வீட்டுக்குப் போறதா இருந்தா ஸ்வீப்பர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. இப்ப குழுவா நின்னு எண்ணிக்கலாம்.”

நிதானமாகப் பேசினாலும் இதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. மீதி நேரம் குழு மாறி நிற்பவர்களுக்கும், கேள்வி கேட்பவர்களுக்கும், எண்ணுவதற்கும்.

திரும்பி வந்ததும் அதே எண்ணிக்கை மறுபடி எடுக்கப்படுகிறது. ஆறு, பதினொன்று, பதினேழு, எட்டு. ஓர் எண் குறைந்தால் முதலில் அந்த ஆளின் கைப்பேசிக்கு அழைப்பு. எடுக்கவில்லை என்றால் அந்தக் குழுவின் ஸ்வீப்பரும் இன்னொருவரும் வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். நாற்பத்திரண்டும் சரியாகும்வரை தண்ணீர் கேன்களும் பனிக்கட்டிப் பெட்டியும் வண்டியில் ஏறுவதில்லை.